மூடிய கை ஏன் திறப்பதில்லை? பக்கவாதத்திற்கும் தண்டுவடக் காயத்திற்கும் பின் வரும் தசை விறைப்பு

செஞ்சிக்கு அருகே உள்ள ஒரு கிராமத்தில் நெல்லும் மணிலாவும் பயிரிட்டு வந்த 52 வயது விவசாயி ஒருவர், பக்கவாதம் கண்ட நான்காம் மாதத்தில் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறோம். இடது கால் ஓரளவு தேறியிருந்தது. கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் நடந்தார். ஆனால் இடது கை முழங்கையில் மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது. விரல்கள் இறுக மூடி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் சிக்கிக் கிடந்தது. நகங்கள் உள்ளங்கையில் பதிந்து தோல் வெந்து போயிருந்தது. கையிலிருந்து துர்நாற்றம் வீசியது.

"முதல்ல கை துணி மாதிரி தொங்கிச்சு டாக்டர். ஒரு மாசம் கழிச்சு விரல் மடங்க ஆரம்பிச்சப்ப, பலம் வருதுன்னு சந்தோஷப்பட்டோம்" என்றார் அவருடைய மனைவி. பலம் கூடட்டும் என்று ஒரு ரப்பர் பந்தையும் வாங்கிக் கொடுத்துப் பிசையச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் செய்தது அனைத்தும் அக்கறையினால் செய்யப்பட்டது. ஆனால் கையில் வந்தது பலம் அன்று, விறைப்பு. மருத்துவத்தில் இதை ஸ்பாஸ்டிசிட்டி என்பர். பலத்துக்கும் விறைப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், நீட்டல் பயிற்சி, மாத்திரை, ஊசி ஆகிய மூன்றும் எதற்கு, எதுவரை உதவும் என்பதும் தெளிவாகும்.

தசை ஏன் இறுகுகிறது?

நம் ஒவ்வொரு தசைக்குள்ளும், அது எவ்வளவு விரைவாக இழுக்கப்படுகிறது என்பதை அளக்கும் நுண்ணிய உணர்விழைகள் உள்ளன. தசை திடீரென்று இழுபட்டால் அந்தச் செய்தி நரம்பின் வழியே தண்டுவடத்தை அடைகிறது. தண்டுவடம் மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல், "சுருங்கு" என்று அதே தசைக்கு ஆணையிடுகிறது. மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டும்போது கால் துள்ளுவது இந்த ஏற்பாட்டினால்தான்.

இந்த அனிச்சைச் செயல் அளவு மீறாதபடி மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புப் பாதைகள் ஓயாமல் அடக்கி வைக்கின்றன. பக்கவாதத்தில் அந்தப் பாதைகள் மூளையிலேயே சேதமடைகின்றன. தண்டுவடக் காயத்தில் அவை நடுவழியில் அறுபடுகின்றன. இரண்டிலும் விளைவு ஒன்றே: நாம் விரும்பியபடி தசையை இயக்கும் ஆற்றல் குறைகிறது, அதே வேளையில் தசையை அடக்கி வைத்திருந்த கடிவாளமும் அவிழ்கிறது. எனவேதான் ஒரே கை பலவீனமாகவும் இறுக்கமாகவும் இருக்கிறது. நோயாளி வேண்டுமென்றே கையை மூடிக்கொள்வதில்லை. முயன்றால் திறந்துவிட முடியும் என்பதும் இல்லை.

தொடக்கத்தில் கை கால்கள் துவண்டு கிடப்பதும், பின்னர் இறுகுவதும் இந்தப் பாதிப்பின் வழக்கமான போக்கு. காயத்தின் அதிர்ச்சியில் முதலில் அனிச்சைச் செயல்களும் அடங்கிப் போகின்றன. நாள்கள் அல்லது வாரங்கள் சென்றபின் அவை கட்டுப்பாடின்றித் திரும்புகின்றன. கையில் பெரும்பாலும் மடக்கும் தசைகளும், காலில் பெரும்பாலும் முழங்காலை நீட்டும் தசைகளும் கெண்டைக்கால் தசைகளும் இறுகும்.

விறைப்பா, சுருக்கமா?

இந்த விறைப்புக்கு ஓர் அடையாளம் உண்டு: வேகமாக இழுத்தால் இறுகும், மெதுவாக இழுத்தால் தளரும். ஆனால் ஒரு தசை வாரக்கணக்கில் குறுகிய நிலையிலேயே கிடந்தால் இரண்டாவது மாற்றம் ஒன்று நிகழ்கிறது. தசை தன் நீளத்தையே குறைத்துக்கொள்கிறது. அதனுள்ளும் மூட்டைச் சுற்றியும் உள்ள இணைப்புத் திசுக்கள் தடித்து இறுகுகின்றன. இது நரம்பின் குற்றம் அன்று. தசையே குட்டையாகிவிட்ட நிலை. இதை நிலைத்த சுருக்கம் என்று கூறுவோம்.

இரண்டையும் பிரித்தறிவதே சிகிச்சையின் முதற்படி. நோயாளியை அமைதியாகப் படுக்க வைத்து, மூட்டை முதலில் மிக மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் அசைத்துப் பார்க்கிறோம். விரைவாக அசைக்கையில் ஓரிடத்தில் வெடுக்கெனத் தடுத்து, மெதுவாக அசைக்கையில் முழுவதும் விரிந்தால் அது பெரும்பாலும் நரம்பின் விறைப்பு. எவ்வளவு மெதுவாக அசைத்தாலும் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அங்கே சுருக்கம் வந்துவிட்டது எனலாம். வீட்டில் இருப்போருக்கும் ஒரு குறிப்பு உண்டு: ஆழ்ந்த உறக்கத்தில் கை தளர்ந்திருந்தால் அதில் நரம்பின் பங்கு அதிகம், உறக்கத்திலும் அதே அளவு மடங்கியிருந்தால் உடனே காட்டுங்கள்.

நாம் கண்ட விவசாயியின் விரல்கள், மெல்ல மெல்ல விரித்தபோது முழுவதும் திறந்தன. மணிக்கட்டைப் பின்னோக்கி வளைத்தபோது மட்டும் இறுதியில் சற்றுத் தடை இருந்தது. பெரும்பகுதி விறைப்பு, சிறுபகுதி சுருக்கம். மேலும் ஆறு மாதம் கடந்திருந்தால் இந்த விகிதம் தலைகீழாகியிருக்கக்கூடும்.

நீட்டல் பயிற்சி: செய்யும் முறையும் அதன் எல்லையும்

மூடிய கையைத் திறக்கப் பலரும் விரல் நுனிகளைப் பிடித்து இழுக்கிறார்கள். அது விறைப்பைத் தூண்டும்; சிறு மூட்டுகளையும் காயப்படுத்தும். சரியான வரிசை வேறு. முதலில் தோளும் முழங்கையும் தலையணை மீது தாங்கலாக இருக்கட்டும். அடுத்து மணிக்கட்டை உள்நோக்கி நன்றாக மடக்குங்கள். அப்போது விரல்களை மூடும் நாண்கள் தளர்ந்து, விரல்கள் தாமாகவே சற்று இளகும். பின்பு கட்டைவிரலை அதன் நுனியில் பிடிக்காமல், அடிப்பகுதியில் உள்ள சதையோடு சேர்த்துப் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். மற்ற நான்கு விரல்களையும் ஒன்றாக விரித்து, விரிந்த நிலையிலேயே மணிக்கட்டை மெல்ல நிமிர்த்துங்கள். தடை தெரியும் இடத்தில் நிறுத்தி, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பிடித்திருங்கள். இப்படி நான்கைந்து முறை, நாளொன்றுக்கு இரண்டு வேளை செய்யலாம். வலி வந்தால் நீங்கள் எல்லை கடந்துவிட்டீர்கள் என்று பொருள்.

கணுக்காலுக்கும் இதே பொறுமை வேண்டும். முழங்கால் நீட்டியிருக்க, குதிகாலை உங்கள் உள்ளங்கையில் ஏந்தி, உங்கள் முன்கை அவருடைய பாதத்தின் அடியில் படியுமாறு வைத்து, குதிகாலைக் கீழ்நோக்கி இழுத்தபடி பாதத்தை மேலே சாயுங்கள். பாதத்தின் முன்பகுதியை மட்டும் அழுத்தினால் நடுப்பாதம் வளையுமே தவிர, கெண்டைக்கால் தசை நீளாது. தோளைப் பொறுத்தவரை ஒரே ஓர் எச்சரிக்கை: தூக்கி உட்கார வைப்பதற்காகப் பாதிக்கப்பட்ட கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கவாதத்திற்குப் பின் வரும் தோள்வலிக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். நீட்டல் பயிற்சி குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சில மாதங்கள் அதை மட்டும் செய்ததால் மூட்டின் அசைவில் பெரிய முன்னேற்றம் ஏற்படவில்லை என்றே தெரியவந்தது. காரணம் எளிது. நாளில் பத்து நிமிடம் நீட்டிவிட்டு, மீதி நேரம் முழுவதும் கையை மடங்கியபடியே விட்டால் தசை அந்த மீதி நேரத்திற்கே பழகும். ஆகவே பயிற்சியின் பயன், அது ஏற்படுத்தும் தளர்ச்சியை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. தளர்ந்த அந்த நேரத்தில் கையைக் கழுவித் துடைக்கலாம், நகம் வெட்டலாம், ஸ்பிளின்ட் அணிவிக்கலாம். சிறிதேனும் அசைவு உள்ளவர்கள் ஒரு டம்ளரைப் பிடித்து விடும் வேலையைப் பழகலாம். உட்காரும்போது கை தொங்காமல் பலகை மீது விரிந்திருக்கட்டும். படுக்கும்போது மார்போடு மடியாமல் தலையணை மீது நீண்டிருக்கட்டும். ஏற்கெனவே இறுக மூடிய கையில் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்வது, மூடும் தசைக்கே மேலும் வேலை கொடுப்பதாகும். அந்த விவசாயியின் பந்தை அன்றே வாங்கி வைத்துவிட்டோம்.

மாத்திரை: உடல் முழுவதற்குமான தீர்வு

விறைப்பைக் குறைக்கப் பெரிதும் பயன்படும் மாத்திரைகள் பேக்லோஃபென், டிசானிடின் ஆகிய இரண்டு. பேக்லோஃபென் தண்டுவடத்தில் அனிச்சைச் செயலைத் தணிக்கிறது. வழக்கமாக 5 மில்லிகிராம் மூன்று வேளை எனத் தொடங்கி, சில நாள்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டுவோம். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு அளவு இன்னும் குறைவாக இருக்க வேண்டும். டிசானிடின் பெரும்பாலும் இரவில் 2 மில்லிகிராம் எனத் தொடங்கப்படும். அது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும், வாயை உலர்த்தும். கல்லீரலை அவ்வப்போது இரத்தப் பரிசோதனையால் கவனிக்க வேண்டும். இரண்டுமே தூக்கக் கலக்கம் தரும்.

மாத்திரைக்கு எந்தத் தசை என்று தேர்ந்தெடுக்கத் தெரியாது. இறுகிய தசையையும் தளர்த்தும், நல்ல தசையையும் தளர்த்தும். நமது விவசாயிக்கு வேறோரிடத்தில் டிசானிடின் தரப்பட்டிருந்தது. கை அவ்வளவாக இளகவில்லை. ஆனால் பகலில் தூங்கி வழிந்தார். நிற்கும்போது இடது கால் மடங்கிப் போனது. அவர் எழுந்து நிற்க உதவியதே அந்தக் காலின் விறைப்புதான். முழங்காலை நீட்டும் தசை இறுகியிருந்ததால், பலவீனமான கால் ஒரு தூணைப்போல அவரைத் தாங்கியது. எல்லா விறைப்பும் நீக்கப்பட வேண்டியதன்று. எனவே மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம்.

படிப்படியாக என்பதை அழுத்திச் சொல்கிறோம். பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் விறைப்பு பன்மடங்காகத் திரும்புவதோடு காய்ச்சல், மனக்குழப்பம், இல்லாதது தெரிதல், வலிப்பு ஆகியவையும் வரலாம். மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாவுக்கோ வெளியூருக்கோ போகும்போது அதை மறக்காதீர்கள்.

ஊசி: குறித்த தசைக்கான தீர்வு

இறுக்கம் சில தசைகளில் மட்டும் இருந்தால் போட்டுலினம் நச்சு ஊசி பொருத்தமானது. கெட்டுப்போன உணவில் வளரும் ஒருவகைப் பாக்டீரியா உண்டாக்கும் இந்த நச்சு, உடல் முழுவதும் பரவினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் மிகச் சிறிய, தூய்மையாக்கப்பட்ட அளவில் ஒரு தசைக்குள் மட்டும் செலுத்தும்போது, நரம்பின் முனையிலிருந்து தசைக்குச் செல்லும் "சுருங்கு" என்னும் வேதிச் செய்தியை அது தடுக்கிறது. அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்காக இதைப் பயன்படுத்திக் காட்டினார். 1989-இல் அந்நாட்டில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. முகச் சுருக்கத்திற்குப் போடும் போடாக்ஸ் என்று பலர் அறிந்திருப்பதும் இதே மருந்துதான்.

விவசாயியிடமும் அவர் மனைவியிடமும் ஊசிக்கு முன் நாங்கள் கேட்ட கேள்வி: "இதனால் என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" "கை முன்ன மாதிரி வேலை செய்யுமா?" என்று அவர் மனைவி திருப்பிக் கேட்டார். ஊசி இழந்த அசைவைத் திரும்பக் கொடுக்காது. இறுக்கத்தை மட்டுமே எடுக்கும் என்று விளக்கினோம். விரல்களை விரிக்கும் ஆற்றல் அவருக்குச் சிறிதும் திரும்பியிருக்கவில்லை. ஆகவே எட்டக்கூடிய மூன்று இலக்குகளை எழுதிக்கொண்டோம்: உள்ளங்கையை நாள்தோறும் கழுவ வேண்டும், நகம் வெட்ட வேண்டும், சட்டைக் கையை வலியின்றி மாட்ட வேண்டும்.

விரல்களை மடக்கும் முன்கைத் தசைகள், கட்டைவிரலை மடக்கும் தசை, முழங்கையை மடக்கும் தசை ஆகியவற்றில், அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்தபடி மெல்லிய ஊசியால் மருந்தைச் செலுத்தினோம். படுக்கையில் சேர வேண்டியதில்லை. அன்றே வீடு திரும்பினார். எழுந்தவுடன் கை இளகியிருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சில நாள்களுக்குப் பிறகே தளர்ச்சி தெரியத் தொடங்கும். நான்கு முதல் ஆறு வாரங்களில் உச்சத்தை அடையும். ஏறத்தாழ மூன்று மாதங்களில் நரம்பு முனைகள் மீண்டும் செய்தி அனுப்பத் தொடங்க, பயன் மெல்லத் தேயும். தேவையானால் மறுபடி போடலாம். ஆனால் வழக்கமாக 12 வாரங்களுக்குள் போடுவதில்லை.

இந்த மூன்று மாதமே உண்மையான சிகிச்சைக் காலம். ஊசி போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் மருந்தின் காலம் முடிந்ததும் கை பழைய இடத்துக்கே திரும்பும். நமது நோயாளிக்கு இரவில் அணிய ஒரு ஸ்பிளின்ட் செய்து கொடுத்தோம்; தோலில் அழுத்தத் தடம் விழுகிறதா என்று காலையில் பார்க்கக் கற்றுக்கொடுத்தோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் மேற்சொன்ன நீட்டல் முறையை எழுதிக் கொடுத்தனுப்பினோம். ஐந்தாம் நாளில் விரல்கள் இளகுவதை மனைவி கவனித்தார். ஆறாவது வாரம் வந்தபோது உள்ளங்கைப் புண் ஆறியிருந்தது, நகங்கள் வெட்டப்பட்டிருந்தன, சட்டை எளிதாக ஏறியது. கை எதையும் பிடிக்கவில்லை. அதை முன்னரே பேசியிருந்ததால் ஏமாற்றம் இல்லை.

ஊசியின் தீமைகளும் தெரிந்திருக்க வேண்டும். ஊசி போட்ட இடத்தில் வலி, அருகிலுள்ள தசையில் தற்காலிகப் பலவீனம் ஆகியவை வரலாம். விழுங்குவதில் சிரமம், குரல் மாற்றம், மூச்சுத் திணறல் ஆகியவை அரிது. வந்தால் அந்த நேரமே மருத்துவமனைக்கு வர வேண்டும். மயஸ்தீனியா போன்ற நரம்புத்தசை நோய் இருந்தாலும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்தின் அளவை யூனிட்டில் குறிப்பர். ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் மற்றொன்றின் யூனிட்டும் சமமல்ல. எனவே எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்தத் தேதி என்ற சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சுருக்கம் நிலைத்துவிட்ட தசையில் இந்த ஊசியால் மட்டும் பயன் கிடைக்காது. அங்கே படிப்படியாக மாற்றும் மாவுக்கட்டோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம்.

தண்டுவடக் காயத்தில் விறைப்பு ஓர் எச்சரிக்கை மணி

பனை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் எங்கள் பகுதியில் அவ்வப்போது வருகிறார்கள். இவர்களுக்கு இரண்டு கால்களும் சேர்ந்து துள்ளுவதும் இழுப்பதும் வழக்கம். விறைப்பு பரவலாக இருப்பதால் இங்கே மாத்திரைக்கு முதலிடம் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் அடங்கியிருந்த துள்ளல் இரண்டே நாளில் அதிகமானால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். காயத்திற்குக் கீழே வலி தெரியாது. அந்த உடல் தன் துன்பத்தை விறைப்பின் மூலமே தெரிவிக்கிறது. சிறுநீர் கலங்கியோ நாற்றத்தோடோ இருக்கிறதா, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, மலச்சிக்கல் உள்ளதா, இடுப்பிலோ குதிகாலிலோ படுக்கைப் புண் தொடங்கியிருக்கிறதா, கால் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். அதைச் சரிசெய்தால் துள்ளலும் பெரும்பாலும் அடங்கும்.

இதில் ஒரு பொறியும் உண்டு. சிறுநீர்த் தொற்றுக்குப் பரவலாகத் தரப்படும் சிப்ரோஃப்ளாக்ஸசின், டிசானிடினின் அளவை இரத்தத்தில் மிகவும் உயர்த்திவிடும். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவு இறங்கி மயக்கம் வரலாம். இவ்விரண்டையும் சேர்த்து எடுக்கவே கூடாது. எந்த மருந்துக் கடைக்கும் மருத்துவரிடமும் செல்லும்போது பழைய மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

மார்பின் நடுப்பகுதிக்கு மேலே காயம்பட்டவர்களுக்கு, திடீர்த் தலைவலியும் முகம் சிவந்து வியர்ப்பதும் சேர்ந்து வந்தால் அது இரத்த அழுத்தம் எகிறும் அவசர நிலை. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுகிய உடைகளைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாயின் அடைப்பைப் பாருங்கள், 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை வரும்போது

மூன்று குறிப்புகளைக் கொண்டுவாருங்கள். விறைப்பு எந்த அன்றாட வேலையைத் தடுக்கிறது? எந்த வேலைக்கு அது உதவுகிறது? கடந்த முறையை விட எந்த மூட்டு குறைவாக விரிகிறது? கழுவும்போதோ உடை மாற்றும்போதோ கைபேசியில் ஒரு சிறு காணொளி எடுத்து வந்தால் இன்னும் நல்லது. மருத்துவர் முன் பதற்றத்தில் இறுகும் கை, வீட்டில் வேறு விதமாக இருக்கக்கூடும். விரல்கள் மடங்கத் தொடங்கும் அந்த முதல் வாரத்திலேயே வந்துவிடுங்கள். நான்காம் மாதத்தில் ஊசி தேவைப்பட்ட கைக்கு, முதல் மாதத்தில் ஒரு தலையணையும் ஸ்பிளின்ட்டும் சரியான பயிற்சியும் கிடைத்திருந்தால் உள்ளங்கையில் புண் வராமல் தடுத்திருக்கலாம்.